"நீ வந்தியா?" என்றால் "நீ வரவே இல்லை": சப்டைட்டிலில் இந்தக் கேள்விகளை என்ன செய்வது?

மேலூர்க்காரி

வணக்கம். ஒரு குறும்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணனும் தங்கையும் சண்டை போடும் காட்சியில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். வசனம் இதுதான்:

தங்கை: அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ வந்தியா?
அண்ணன்: நீ கூப்பிட்டியா?
தங்கை: பெத்த அப்பனைப் பாக்க பத்திரிகையா வைப்பாங்க?
அண்ணன்: எனக்கென்ன வராம இருக்கணும்னு ஆசையா?
தங்கை: யாருண்ணே உன்னை வர வேணாம்னா?
அண்ணன்: சரி, இப்ப வீட்டை வித்தா என்ன தப்பு?
தங்கை: அப்ப அம்மா தெருவுலயா நிப்பா?

ஏழு வரி, ஏழும் கேள்வி. ஆனால் யாரும் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவன் வரவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இதை உள்ளபடியே "டிட் யூ கம் வென் அப்பா வாஸ் இன் ஹாஸ்பிட்டல்?" என்று போட்டு, தமிழ் தெரியாத ஒரு தோழிக்குக் காட்டினேன். "அவன் வந்தானா இல்லையான்னு தங்கச்சிக்கே தெரியாதா? அவளும் அப்போ ஊரில் இல்லையா?" என்று கேட்டாள். காட்சியே தலைகீழாகிவிட்டது. எல்லாவற்றையும் "நீ வரவில்லை", "யாரும் தடுக்கவில்லை" என்று வாக்கியமாக்கினால் சண்டையின் சூடு போய்விடும் என்று பயமாக இருக்கிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

(ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுவோம். வாய்விட்டுப் படித்தால் எது கேள்வியாக ஒலிக்கிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும்.)

ஐந்தாம் பெஞ்ச்

இது அறிவினாதானே? விடை தெரிந்தே கேட்பது. ஆறு வகை வினா பத்தாம் வகுப்பிலேயே உண்டு. நானும் இப்போது தேர்வுக்குத்தான் படிக்கிறேன். "யாருண்ணே உன்னை வர வேணாம்னா?" என்பதை எந்த வகையில் சேர்ப்பது என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும்.

பழைய ஏடு

தம்பி, அவர் கேட்பது வகைப்பாடு இல்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை. அறிவினா என்பது ஆசிரியர் மாணவனைக் கேட்பது போன்றது. கேட்பவருக்கு விடை தெரியும், ஆனாலும் எதிராளி வாயிலிருந்து விடை வரவேண்டும் என்று காத்திருப்பார். இந்தத் தங்கை காத்திருக்கவில்லை. அவள் சொல்லி முடித்துவிட்டாள். இதற்கு இலக்கணத்தில் உறவு தேட வேண்டுமானால் வினா வகைகளைவிட, எதிர்மறைப் பொருளில் வரும் ஓகாரத்தின் பக்கம் போய்ப் பாருங்கள். "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் சிலம்பில் சொல்வது அதுதான். ஓ அடித்து மறுக்கிறது, ஏ தேற்றிச் சொல்கிறது. தான் அரசனா இல்லையா என்று அவன் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆங்கிலத்தில் "ஆம் ஐ எ கிங்?" என்று மட்டும் போட்டால் ஏதோ சந்தேகத்தில் கேட்பதுபோல் ஆகிவிடும்.

சிவகாசி ராக்கெட்

ரொம்ப யோசிக்காதீங்க. கேள்விக்குறியை எடுத்துட்டு ஆச்சரியக்குறி போடுங்க. தமிழ்ல நாம அப்படித்தானே எழுதுறோம்? "எனக்குத் தெரியாதா!"னு போட்டா எல்லாருக்கும் புரியுது. வசனம் அப்படியே இருக்கும், கேள்வியும் போயிடும்.

கதிர்மொழி

ராக்கெட் சொல்வது தமிழில் நடக்கும். ஏனென்றால் தமிழில் "வந்தியா" போன்ற கேள்வியைச் சுமப்பது சொல்லின் கடைசியில் ஒட்டும் ஒரு ஆ மட்டும்தான். சொல் வரிசை மாறுவதே இல்லை. குறியை மாற்றினால் ஆவின் தொனி மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் "டிட் யூ" என்று தொடங்கிய நொடியிலேயே கண் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டுவிடும். குறி வருவது வரியின் கடைசியில். அதற்குள் படிப்பவர் மனதில் கேள்வி உட்கார்ந்துவிட்டது. அதனால் நான் முதலில் கை வைப்பது வரியின் தலையில்தான், வாலில் இல்லை.

மேலூர்க்காரி, உங்கள் காட்சிக்கே வருகிறேன். முதல் இரண்டு வரியைத் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். அவை ஜோடி. "நீ வந்தியா?", "நீ கூப்பிட்டியா?" ஒரே அளவு, ஒரே ஓசை. ஒருவர் எறிந்த கல்லை அதே வேகத்தில் மற்றவர் திருப்பி எறிகிறார். இங்கே காப்பாற்ற வேண்டியது அந்த அளவை. கேள்வி வடிவம் போனால் போகட்டும்:

"அப்பா வாஸ் இன் ஹாஸ்பிட்டல். யூ நெவர் கேம்."
"யூ நெவர் ஆஸ்க்ட்."

சூடு குறையும் என்று பயந்தீர்களே, படித்துப் பாருங்கள். "நெவர்" இரண்டு முறை வந்து மோதுகிறது. தமிழில் ஆ செய்த வேலையை அது செய்கிறது. உடன்பாட்டு வடிவில் வரும் கேள்வி எதிர்மறையை அழுத்திச் சொல்கிறது, அதனால் வெறும் "நாட்" போதாது. "வரலை" என்பதற்கும் "வந்தியா?" என்பதற்கும் தமிழில் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் ஆங்கிலத்திலும் வேண்டும்.

மூன்றாவது வரியில் ஆங்கிலத்திடமே ஒரு வடிவம் இருக்கிறது: "ஹூ நீட்ஸ் ஆன் இன்விட்டேஷன் டு சீ டாட்?" இது கேள்விதான், ஆனால் எந்த ஆங்கிலேயரும் இதற்குப் பதில் சொல்ல மாட்டார். நான்காவதுக்கு "யூ திங்க் ஐ வான்டட் டு ஸ்டே அவே?" என்று போடுவேன். "டு யூ திங்க்" என்று தொடங்கினால் நிஜமாகவே கருத்துக் கேட்பதுபோல் ஆகும். "டு" போனதும் அது சீற்றமாகிவிடுகிறது. ஐந்தாவதை வாக்கியமாக்கி, அண்ணன் சொன்ன அதே சொல்லை அவன்மேலேயே திருப்பலாம்: "நோபடி டோல்ட் யூ டு ஸ்டே அவே."

ஆறாவதில் கை வைக்க வேண்டாம். "சரி, இப்ப" என்று ஆரம்பிக்கிறான் பாருங்கள். அவன் குரல் இறங்குகிறது, பாதி நிஜமாகவே கேட்கிறான். "ஓக்கே, வாட்ஸ் ராங் வித் செல்லிங் தி ஹவுஸ்?" அப்படியே நிற்கட்டும். முன்னால் இருப்பவை எல்லாம் கேள்விக்குறியோடு நின்றால் இந்த ஒரு நிஜக் கேள்வி கூட்டத்தில் காணாமல் போய்விடும்.

மேலூர்க்காரி

"நெவர்" ஜோடி அருமை. ஆனால் மூன்றாவதில் "பெத்த அப்பன்" என்ற அழுத்தம் எங்கே? "டாட்" என்றால் செல்லமாக இருக்கிறது. அவள் செல்லமாகப் பேசவில்லை.

கதிர்மொழி

உண்மைதான். "தேர் ஓன் ஃபாதர்" என்றால் "பெத்த" கிடைத்துவிடும், ஆனால் வரி நீளும். அந்த வசனம் திரையில் எவ்வளவு நேரம்? இரண்டு நொடிதான் என்றால் நொடிக்குப் பதினேழு எழுத்து என்ற கணக்கில் 34 எழுத்துதான் கையில். ஆங்கில எழுத்தில் இடைவெளியும் குறியும் சேர்த்தால் "டாட்" போட்ட வரியே 35 வரும். அடுத்த ஷாட்டில் அண்ணன் உடனே பேசாமல் ஒரு நொடி நிற்கிறான் என்றால் அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டு "ஓன் ஃபாதர்" போடுங்கள். இல்லாவிட்டால் "பத்திரிகை"யைத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

சிவகாசி ராக்கெட்

சரி, தலையைத்தான் மாத்தணும்னு ஒத்துக்கிறேன். ஆனா கேள்வியாவே வச்சுக்கிட்டு "ஈவன்" சேர்த்தா? "டிட் யூ ஈவன் கம் டு சீ ஹிம்?" இதை யாரும் நிஜக் கேள்வின்னு நினைக்க மாட்டாங்களே.

கதிர்மொழி

இது நல்ல கருவி. "ஈவன்", "எவர்" இரண்டும் கேள்வியை மறுப்பின் பக்கம் சாய்த்துவிடும். தனியாக வரும் வரிக்கு நானும் பயன்படுத்துகிறேன். இந்த இடத்தில் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஜோடிதான். "டிட் யூ ஈவன் ஆஸ்க் மீ?" என்று அண்ணன் வரியிலும் போட வேண்டி வரும். இரண்டு "டிட் யூ ஈவன்" அடுத்தடுத்து வந்தால் தமிழின் நறுக்கு போய்விடுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன், சிலர் "யூ டிட்ன்ட் கம், டிட் யூ?" என்று வால் சேர்ப்பார்கள். காதில் விழும்போது குரல் இறங்கினால் அது குற்றச்சாட்டு. எழுத்தில் குரல் தெரியாது. வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல் இருக்கும்.

ஸ்காபரோ வாசி

நான் டொரொன்டோப் பக்கம் உரைபெயர்ப்பாளரா வேலை செய்யிறன். சப்டைட்டில் இல்லை, ஆக்கள் கதைக்கக் கதைக்க அங்கேயே சொல்லவேணும். இந்தப் பிரச்சினை எங்களுக்கு விளையாட்டில்லை. ஒரு விசாரணையில ஒரு அம்மாவிட்டை, "இருட்டில வந்தது அவர்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?" எண்டு கேட்டவை. அவ சொன்னா: "எனக்குத் தெரியாதே அவன்ர குரல்?" அண்டைக்கு இருந்த உரைபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பக்கம். அவருக்கு "தெரியாதே" எண்டது "ஐயோ, தெரியாதே" எண்ட மாதிரி விழுந்திருக்கு. "ஐ டோன்ட் நோ ஹிஸ் வாய்ஸ்" எண்டு சொல்லிப்போட்டார். அவ சொன்னது "அவன்ர குரல் எனக்கு வடிவாத் தெரியும்" எண்டு. நேரெதிர். பிறகு ஒலிப்பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டுத்தான் திருத்தினவை.

யாழ்ப்பாணத்தில ஆ வாற இடத்தில ஏ, ஓ வரும். "உனக்கென்ன விசரே?" எண்டா கேள்வி. தமிழ்நாட்டுக் காதுக்கு அந்த ஏ அழுத்தம் மாதிரிக் கேக்கும்.

பழைய ஏடு

நான் மேலே எழுதிய வரிக்கு இது நல்ல எச்சரிக்கை. பாண்டியன் வாயில் ஏ தேற்றம், அந்த அம்மாவின் வாயில் அதே ஏ கேள்வி. ஏகாரம் வினாவாகவும் வரும் என்று நன்னூலும் சொல்கிறது, தமிழ்நாட்டுப் பேச்சில் நாம் அதை ஏறக்குறைய விட்டுவிட்டோம். எழுத்தை மட்டும் பார்த்தால் பிடிபடாது, பேசுபவரின் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலூர்க்காரி

படிக்கவே நெஞ்சு பதறுகிறது. ஸ்காபரோ வாசி, நீங்கள் அப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வீர்கள்? "ஆஃப் கோர்ஸ் ஐ நோ" என்று வாக்கியமாக மாற்ற உங்களுக்கு அனுமதி உண்டா?

ஸ்காபரோ வாசி

மாத்தலாம், ஆனா கவனம். அவ கேள்வியாச் சொன்னதைக் கேள்வியாச் சொல்ல ஆங்கிலத்தில வழி இருந்தா அதைத்தான் எடுப்பன், ஏனெண்டா அவவின்ர கோவமும் சாட்சியத்தில ஒரு பங்கு. "நான் ஏன் பொய் சொல்லப்போறன்?" எண்டு நிறையப்பேர் சொல்லுவினம். இதை "வை ஆம் ஐ கோயிங் டு லை?" எண்டு சொன்னா, பொய் சொல்லப்போறதை ஒத்துக்கொண்டு காரணம் தேடுற மாதிரி இருக்கும். "வை வுட் ஐ லை?" எண்டா சரி. தமிழில "போறன்" எண்டிருந்தாலும் ஆங்கிலத்தில "வுட்" வரவேணும்.

கதிர்மொழி

இந்த "வுட்" மிக முக்கியம், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். "அவன் எதுக்கு இங்க வரப்போறான்?" என்பதை "வை இஸ் ஹீ கமிங் ஹியர்?" என்று போட்டால் அவன் வருகிறான் என்று அர்த்தம். "வை வுட் ஹீ கம் ஹியர்?" என்றால் வரமாட்டான் என்று அர்த்தம். தமிழில் ஒரே வசனம் இரண்டுக்கும் வரும், முன்பின் வசனம்தான் சொல்ல வேண்டும்.

தறி ஓசை

நான் கதை மொழிபெயர்ப்பு மட்டும் செய்கிறேன், குரலே கிடைக்காது. "அவன் எங்க படிச்சான்?" என்று ஒரு வரி. எந்தப் பள்ளி என்று கேட்கிறாளா, படிக்கவே இல்லை என்கிறாளா? நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முன்னால் "சொல்லு" சேர்த்துப் பார்ப்பேன். "சொல்லு, அவன் எங்க படிச்சான்?" பொருந்தினால் நிஜக் கேள்வி.

இன்னொன்று, "அவனா தருவான்?" என்பதுபோல் ஆ பெயரில் ஒட்டி, வினை முற்றாக நின்றால் அது எப்போதும் மறுப்புதான். நிஜக் கேள்வியானால் "அவனா தந்தது?" என்று வினை "அது"வில் முடியும்.

கதிர்மொழி

"சொல்லு" சோதனை ஏமாற்றும். "சொல்லு, நான் என்ன உன் வேலைக்காரியா?" நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் நிஜக் கேள்வி இல்லை. அதற்குப் பதில் வரியை "-ன்னு தெரியல"வுக்குள் அடைத்துப் பாருங்கள். "அவன் எங்க படிச்சான்னு தெரியல" என்றால் இடத்தைப் பற்றிய பேச்சு மட்டும்தான் மிஞ்சும், "படிக்கவே இல்லை" என்ற பொருள் செத்துவிடும். கதையில் அந்த இடத்துக்கு இது பொருந்தாமல் இடித்தால் அவள் மறுக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம். இதைவிட நம்பகமானது அடுத்தவர் பதில். "திருமங்கலத்துல" என்று பதில் வந்தால் கேள்வி. "ஏன், பத்தாவது வரைக்கும் படிச்சானே" என்று வந்தால் அவர் ஒரு கூற்றை மறுத்துப் பேசுகிறார், அதாவது முன்னால் வந்தது கூற்று. உங்கள் கதையில் அடுத்த வரி என்ன?

நான் மேலே கேட்ட வேலைக்காரி வரிக்கு ஆங்கிலத்தில் அச்சு அசலாக ஒன்று இருக்கிறது: "வாட் ஆம் ஐ, யுவர் மெய்ட்?" எழுவாய்க்குப் பக்கத்தில் நம் "என்ன" உட்காருவதுபோல அங்கே "வாட்" முன்னால் உட்காருகிறது. இப்படிக் கிடைத்தால் விடாதீர்கள்.

தறி ஓசை

அடுத்த வரி: "படிக்கலைன்னா என்ன, தறியில அவனை மிஞ்ச ஆளுண்டா?" அப்படியானால் மறுப்புதான். "ஹீ நெவர் வென்ட் டு ஸ்கூல்" என்று மாற்றிவிடுகிறேன். ஆனால் அவள் சொல்வது பள்ளிக்கே போகவில்லை என்றா, போயும் படிப்பு ஏறவில்லை என்றா என்று இப்போது புதிதாகக் குழப்பம் வருகிறது. "எங்க" இரண்டையும் தாங்குகிறது.

கதிர்மொழி

"ஹீ நெவர் காட் மச் ஸ்கூலிங்" இரண்டையும் ஓரளவு தாங்கும், ஆனால் வீச்சு குறைவு. கதையின் முன்பகுதியில் அவன் பள்ளி பற்றி ஏதாவது வருகிறதா என்று பாருங்கள்.

"அவனா" விதி பற்றி: எதிர்காலத்துக்கு உங்கள் விதி பெரும்பாலும் நிற்கும். இறந்தகாலத்தில் நிற்காது. கதவைத் திறந்ததும் "அவனா வந்தான்?" என்று ஆச்சரியமாக, நிஜமாகவே கேட்பவர்கள் உண்டு.

பழைய ஏடு

எங்கள் பக்கம் அந்த இடத்தில் "அவனா வந்தது?" என்றுதான் வரும். "அவனா வந்தான்?" என்றால் "அவனாவது, வருவதாவது" என்றுதான் என் காதில் விழுகிறது. இது ஊருக்கு ஊர் மாறும்போல.

கேள்வியை எப்போது உடைப்பது என்பதற்குப் பழைய மொழிபெயர்ப்பாளர்களிடமே இரண்டு வழியும் இருக்கிறது. 1886-இல் வந்த ஜி.யு. போப்பின் குறள் மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள். "கற்றதனால் ஆய பயனென்கொல்" என்ற இரண்டாம் குறளை அவர் கேள்வியாக வைக்கவில்லை. "நோ ஃப்ரூட்" என்று மறுப்பில் தொடங்கி வாக்கியமாக்கிவிட்டார். டபிள்யூ.எச். ட்ரூ என்பவரின் உரைநடை மொழிபெயர்ப்பில் அதே குறள் "வாட் ப்ராஃபிட்" என்று கேள்வியாகவே நிற்கிறது. ஆனால் "அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்" வரும்போது இருவருமே கேள்வியை விடவில்லை. என் எண்ணம் இது: தாழ் உண்டா என்று கேட்டதும் அடுத்த அடியிலேயே "புன்கணீர்" வந்து பதில் சொல்லிவிடுகிறது. பதில் பக்கத்திலேயே இருக்கும்போது கேள்வி தவறாகப் போக வழியில்லை. இரண்டாம் குறளில் பதிலாக எதுவும் பின்னால் வருவதில்லை, "தொழாஅர் எனின்" என்ற நிபந்தனையோடு முடிந்துவிடுகிறது. அதனால் போப் தாமே பதிலைச் சொல்லிவிட்டார்.

மேலூர்க்காரி

ஐயா, இது எனக்கு நேரடியாகப் பயன்படுகிறது. என் ஏழாவது வரிக்குப் பின்னால் பதிலே இல்லை. "அப்ப அம்மா தெருவுலயா நிப்பா?" என்று தங்கை சொன்னதும் காட்சி வெட்டப்படுகிறது. அப்படியானால் வாக்கியமாக்கிவிட வேண்டுமா?

கதிர்மொழி

எந்த வாக்கியமாக என்பதுதான் சிக்கல். இந்த வரிக்குள் இரண்டு இருக்கிறது. ஒன்று அண்ணன்மேல் குற்றச்சாட்டு: "ஸோ அம்மா கேன் லிவ் ஆன் தி ஸ்ட்ரீட்." நீ விற்றால் இதுதான் நடக்கும், உனக்கு அது பரவாயில்லை. இன்னொன்று சபதம்: "அம்மா இஸ் நாட் கோயிங் டு தி ஸ்ட்ரீட்." நான் விடமாட்டேன். தமிழில் அவள் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறாள். ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நடிகை எப்படிச் சொல்கிறார்? "தெருவுலயா" என்பதில் குரல் ஏறுகிறதா, "நிப்பா"வில் இறங்கி முடிகிறதா?

மேலூர்க்காரி

"தெருவுலயா"வில் ஏறி, "நிப்பா"வில் உடைகிறது. கிட்டத்தட்ட அழுகை. குற்றச்சாட்டும் இல்லை, சபதமும் இல்லை என்றே படுகிறது.

சிவகாசி ராக்கெட்

அப்போ கேள்வியாவே விடுங்க. "அண்ட் அம்மா? ஆன் தி ஸ்ட்ரீட்?" வினைச்சொல்லே வேண்டாம். "வில்", "டஸ்" எதுவும் தலையில வரலை, அதனால விசாரிக்கிற மாதிரி இருக்காது.

கதிர்மொழி

ராக்கெட், இது மிக நன்றாக இருக்கிறது. ஒரு தயக்கம் மட்டும். "அண்ட் அம்மா?" என்பதில் "அம்மாவுக்கு என்ன ஏற்பாடு?" என்ற நிஜக் கேள்வியின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. உடையும் குரலோடு சேர்த்துப் பார்த்தால் அது மறைந்துவிடலாம். மேலூர்க்காரி, உங்கள் தோழிக்கு இதையும் அந்த "ஸோ" வரியையும் காட்சியோடு ஓடவிட்டுக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம். "அண்ணன் இதற்கு என்ன பதில் சொல்வான்?" என்று மட்டும் கேளுங்கள். வாடகை வீடு, முதியோர் இல்லம் என்று அவள் ஏற்பாடு சொல்ல ஆரம்பித்தால் வரியை மாற்றியாக வேண்டும்.

மேலூர்க்காரி

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள், இரண்டையும் ஓட்டிக் காட்டுகிறேன். ஸ்காபரோ வாசி, நேரம் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: யாழ்ப்பாணத்தில் இந்த வரியை எப்படிச் சொல்வார்கள்?

ஸ்காபரோ வாசி

"அப்ப அம்மா என்ன றோட்டிலயே நிக்கிறது?" எண்டு சொல்லுவினம். பாருங்கோ, இதிலயும் அந்த ஏதான். "அம்மா றோட்டிலேயே நிக்கிறா" எண்டு விளங்கிப்போடாதேங்கோ.